காலியிடமா, இடைச்செருகலா? எடை போட்டால் தெரியும்

1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த வால்தர் நெர்ன்ஸ்ட் புதுவகை மின்விளக்கு ஒன்றைச் செய்தார். அந்தக் காலத்து விளக்குகளில் கார்பன் இழை இருக்கும். காற்றுப் பட்டால் எரிந்துவிடும் என்பதால் கண்ணாடிக் குமிழுக்குள் வெற்றிடம் உண்டாக்கி அதை வைக்க வேண்டும். நெர்ன்ஸ்ட் வைத்ததோ பீங்கான் போன்ற ஒரு வெள்ளைக் குச்சி. சிர்கோனியம் ஆக்சைடுடன் இட்ரியம் ஆக்சைடு போன்றவற்றைக் கலந்து சுட்டது. ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பது மேலும் எரிய வழியில்லை. அதனால் அது திறந்த காற்றிலேயே கண் கூசும் வெள்ளை ஒளியுடன் எரிந்தது.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. அறை வெப்பத்தில் அந்தக் குச்சி மின்சாரத்தைக் கிட்டத்தட்டக் கடத்தாது. முதலில் அதைச் சூடாக்க வேண்டும். அதற்கென்றே பக்கத்தில் பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்றை வைத்தார்கள். சூடேறியதும் மின்சாரம் பாயத் தொடங்கும், அந்த மின்சாரமே பிறகு சூட்டைக் காப்பாற்றும். உலோகம் சூடானால் மின்தடை கூடும். இந்தக் குச்சியில் குறைந்தது. குறைந்ததால் மின்னோட்டம் கூடியது, சூடும் கூடியது, தடை இன்னும் குறைந்தது. அப்படியே விட்டால் குச்சி உருகிப் போகும். அதைக் கட்டுப்படுத்த, சூடானால் தடை கூடும் இரும்புக் கம்பி ஒன்றைத் தொடரில் இணைத்தார்கள்.

குச்சிக்குள் மின்சாரத்தைச் சுமப்பது எது? எலக்ட்ரான் அல்ல, அயனிதான் என்பது நெர்ன்ஸ்டின் கருத்து. ஆனால் இது திடப்பொருள். உப்புக் கரைசலில் அயனிகள் நீந்திப் போகலாம். அடுக்கி இறுக்கிய படிகத்துக்குள் ஓர் அயனி எப்படி நகரும்? இதற்கு ஒழுங்கான பதில் வர 1943 வரை ஆனது. அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்கப் பின்னர் உதவிய அளவீடு மிகச் சாதாரணமானது: பொருளின் அடர்த்தி.

சிர்கோனியாவின் படிக அமைப்பிலிருந்து தொடங்கலாம். சிர்கோனியம் அயனிக்கு நான்கு நேர்மின்சுமை, ஆக்சிஜன் அயனிக்கு இரண்டு எதிர்மின்சுமை. அதனால் ஒரு சிர்கோனியத்துக்கு இரண்டு ஆக்சிஜன், அதாவது ZrO2. இதன் கனசதுர வடிவப் படிகத்தில் மிகச்சிறிய அலகுக்கூட்டை எடுத்தால், அதில் நான்கு சிர்கோனியமும் எட்டு ஆக்சிஜனும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், தூய சிர்கோனியா இந்த வடிவத்தில் ஏறத்தாழ 2370 டிகிரிக்கு மேல்தான் நிலைத்திருக்கும். ஆறும்போது அமைப்பு மாறி, பருமன் மாறி, பொருளே வெடித்துத் தூளாகும். சுட்ட சுண்ணாம்பையோ (கால்சியம் ஆக்சைடு) இட்ரியாவையோ தேவையான அளவு கலந்தால் கனசதுர வடிவம் அறை வெப்பத்திலும் அப்படியே நிற்கும். இட்ரியாவை விடக் கால்சியத்தில் கணக்கு எளிது என்பதால் இனி கால்சியத்தையே எடுத்துக்கொள்கிறேன். நூறு உலோக அயனிகளில் 85 சிர்கோனியம், 15 கால்சியம் என்று வைத்துக்கொள்வோம்.

கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்சுமைதான். நான்கு சுமை இருந்த இடத்தில் இரண்டு சுமைக்காரர் வந்து உட்கார்ந்தால் அங்கே இரண்டு குறைகிறது. படிகம் மொத்தத்தில் மின்நடுநிலையாக இருந்தே தீரும். இந்தக் குறையைச் சரிக்கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வரும் ஒவ்வொரு கால்சியத்துக்கும் ஓர் ஆக்சிஜன் தன் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகலாம். அந்த இடம் வெறுமையாக நிற்கும். இதுதான் காலியிடம். மற்றொன்று, ஆக்சிஜன் இடங்கள் எல்லாம் நிரம்பியபடியே இருக்க, கூடுதலான நேர்மின் அயனிகள் சில, தமக்கென்று இடமில்லாத இடுக்குகளில் போய்ச் செருகிக்கொள்ளலாம். இது இடைச்செருகல். இரண்டையும் படிகவியலில் புள்ளிக் குறைபாடுகள் என்பார்கள். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர்.

வேதியியல் பகுப்பாய்வு இங்கே உதவாது. பொருளைக் கரைத்து எவ்வளவு சிர்கோனியம், எவ்வளவு கால்சியம், எவ்வளவு ஆக்சிஜன் என்று அளந்தால் இரண்டு நிலையிலும் ஒரே விகிதம்தான் கிடைக்கும். Zr0.85Ca0.15O1.85 என்ற வாய்பாடு இரண்டுக்கும் பொது. உள்ளே ஆக்சிஜன் குறைந்து கிடக்கிறதா, உலோகம் மிகுந்து கிடக்கிறதா என்பதை அந்த வாய்பாடு சொல்லாது. விகிதம் ஒன்று, அமைப்பு இரண்டு.

ஆனால் எடை சொல்லிவிடும். ஒரே அளவுள்ள அலகுக்கூட்டில் ஆக்சிஜன் குறைந்தால் கூடு லேசாகும். உலோகம் கூடுதலாக நுழைந்தால் கனக்கும். அலகுக்கூட்டின் பக்க நீளத்தை எக்ஸ் கதிர்களைக் கொண்டு மிகத் துல்லியமாக அளக்கலாம். நம் கலவைக்கு அது ஏறத்தாழ 5.13 ஆங்ஸ்ட்ராம், ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இதிலிருந்து கூட்டின் கன அளவு கிடைக்கும். இனி உள்ளே என்ன இருக்கிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் காலியிடக் கணக்கு. உலோக இடங்கள் நான்கும் நிரம்பியிருக்கின்றன: சராசரியாக 3.4 சிர்கோனியம், 0.6 கால்சியம். ஆக்சிஜன் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் 7.4தான். அதாவது நூறு ஆக்சிஜன் இடங்களில் ஏழரை காலி. அணு எடைகளைப் போட்டுக் கூட்டினால் ஒரு கூட்டின் நிறை சுமார் 452.6 அணு நிறை அலகு வரும். கன அளவால் வகுத்தால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.57 கிராம்.

அடுத்து இடைச்செருகல் கணக்கு. இப்போது எட்டு ஆக்சிஜனும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அதே விகிதம் நிற்க வேண்டுமானால் உலோக அயனிகள் நான்கு போதாது, சுமார் 4.32 வேண்டும். நான்கு தம் இடங்களில் உட்கார, மிச்சம் 0.32 இடுக்கில் நிற்கும். கூட்டின் நிறை 489க்குச் சற்று மேல் போகும். அடர்த்தி 6.02 கிராம்.

5.57 எங்கே, 6.02 எங்கே! எட்டு சதவீத வித்தியாசம். ஆய்வகத்தில் அடர்த்தியைக் கால் சதவீதத்துக்கும் குறைவான பிழையில் அளக்க முடியும் என்னும்போது, இது சந்தேகத்துக்கு இடமில்லாத இடைவெளி. 1943இல் கார்ல் வாக்னர் நெர்ன்ஸ்டின் குச்சியை எடுத்துக்கொண்டு, அதில் ஆக்சிஜன் காலியிடங்கள் இருக்கின்றன, மின்சாரம் பாய்வது அவற்றால்தான் என்று எழுதினார். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எஃப். ஹுண்ட் இட்ரியா கலந்த சிர்கோனியாவையும் கால்சியம் கலந்ததையும் அளந்தபோது, அடர்த்தி காலியிடக் கோட்டை ஒட்டியே வந்தது. வாக்னர் சொன்னது சரி என்று ஆனது.

இந்த அளவீட்டில் வழுக்கி விழும் இடம் ஒன்றிருக்கிறது. சுட்ட பீங்கானுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் அடைபட்டுக் கிடக்கும். திரவத்தில் மூழ்கவைத்து அளக்கும்போது அந்தத் துளைகளுக்குள் திரவம் போகாது. அளந்த அடர்த்தி உண்மையைவிடக் குறைவாக வரும். நாம் தேடுவதும் அடர்த்திக் குறைவைத்தான்! இரண்டு சதவீதம் துளை இருந்தாலே, அதைக் காலியிடம் என்று நினைத்து ஏமாற வாய்ப்பு உண்டு. அதனால்தான் பொருளை நுண்தூளாக அரைத்து, அடைபட்ட துளைகளை உடைத்துவிட்டு அளப்பார்கள். கிடைத்தால் ஒற்றைப் படிகத்தை எடுப்பார்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு கட்டுவதும் கிடையாது. கால்சியத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய் அடர்த்தி எந்தச் சரிவில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இடைச்செருகல் என்றால் கனமான சிர்கோனியத்துக்குப் பதில் லேசான கால்சியம் வந்தும், கூடுதல் அயனிகள் அந்த இழப்பை ஏறத்தாழ ஈடுகட்டிவிடும். கோடு கிட்டத்தட்டச் சமமாகவே போகும். காலியிடம் என்றால் செங்குத்தாக இறங்கும். சரிவை நம்பலாம், தனிப் புள்ளியை நம்பக் கூடாது.

1965இல் டைனஸ், ராய் என்ற இருவர் இதே பொருளில் வெளியிட்ட முடிவு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1600 டிகிரியில் வைத்திருந்து சட்டென்று குளிர்வித்த மாதிரிகள் காலியிடக் கோட்டிலேயே நின்றன. 1800 டிகிரியிலிருந்து குளிர்வித்தவற்றில், கால்சியத்தின் அளவைப் பொறுத்துக் குறைபாட்டின் வகையே மாறுவதாக அடர்த்தி காட்டியது. ஆக, ‘இந்தப் பொருளில் இந்த வகைக் குறைபாடு’ என்று ஒரே வரியில் எழுதி முடிக்க முடியாது. எந்தச் சூட்டில், எந்தக் கலவையில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாடநூலில் நாம் படித்த ஷாட்கி, பிரெங்கல் குறைபாடுகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உப்பில் சோடியமும் குளோரினும் சோடியாக இடத்தைக் காலி செய்வது ஷாட்கி. அதனால் அடர்த்தி குறையும். சில்வர் குளோரைடில் வெள்ளி அயனி தன் இடத்தை விட்டுப் பக்கத்து இடுக்குக்குள் போவது பிரெங்கல். அயனி படிகத்தை விட்டு வெளியேறாததால் அடர்த்தி மாறாது. இரண்டும் சரி. ஆனால் அளவைச் சொல்லாமல் இதைக் கற்பிப்பது எனக்கு உடன்பாடில்லை. வெறும் சூட்டால் உண்டாகும் குறைபாடுகள் மிகமிகக் குறைவு. உப்பு உருகும் 801 டிகிரியை நெருங்கினாலும் பத்தாயிரம் இடங்களில் ஒன்றிரண்டு காலியானால் அதிகம். அடர்த்தியில் அது நூற்றில் ஒரு சதவீத மாற்றம். அதையும் வெப்பத்தால் படிகம் விரிவது மூழ்கடித்துவிடும். அறை வெப்பத்தில் உப்புக்கல்லை எடைபோட்டு ஷாட்கி குறைபாட்டைக் காணவே முடியாது. சுமை மாறுபட்ட அயனியை வேண்டுமென்றே கலக்கும்போதுதான் காலியிடங்கள் சதவீதக் கணக்கில் வந்து, தராசிலும் தெரிகின்றன.

கலந்தால் எப்போதும் காலியிடம்தான் வரும் என்றும் இல்லை. கால்சியம் ஃபுளூரைடுக்கும் கனசதுர சிர்கோனியாவுக்கும் ஒரே படிக அமைப்பு. இதில் கால்சியத்தின் இடத்தில் மூன்று சுமையுள்ள இட்ரியத்தை வைத்தால் நேர்மின்சுமை கூடுகிறது. ஒவ்வோர் இட்ரியத்துக்கும் ஒரு ஃபுளூரின் அயனி கூடுதலாக வந்து இடுக்கில் அமர்கிறது. அடர்த்தியும் அதற்கேற்ற கோட்டில் ஏறுகிறது. அமைப்பு ஒன்றாக இருந்தும், கலந்த அயனியின் சுமை குறைவா கூடுதலா என்பதைப் பொறுத்து ஒன்றில் இல்லாமையும் மற்றொன்றில் மிகுதியும் பிறக்கின்றன.

இனி மின்சாரத்துக்கு வருவோம். பிள்ளைகள் விளையாடும் எண் நகர்த்தும் கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பதினாறு கட்டத்தில் பதினைந்து வில்லைகள், ஒரு கட்டம் காலி. அந்த ஒரு காலி இல்லாவிட்டால் ஒரு வில்லையையும் அசைக்க முடியாது. சிர்கோனியாவில் ஆக்சிஜன் நகர்வது அப்படித்தான். பக்கத்து ஆக்சிஜன் காலியிடத்துக்குள் தாவுகிறது. அது விட்ட இடம் புதிய காலியிடமாகிறது. ஆக்சிஜன்கள் நேர்மின் முனையை நோக்கிப் போக, காலியிடம் எதிர்த்திசையில் போவது போலத் தெரியும். நூற்றுக்கு ஏழரை இடம் காலி என்பதால் பாதைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒவ்வொரு தாவலிலும் ஆக்சிஜன் இரண்டு உலோக அயனிகளுக்கு நடுவே நெருக்கிப் புகுந்தாக வேண்டும். அதற்கான ஆற்றலைச் சூடுதான் தர வேண்டும். அதனால்தான் நெர்ன்ஸ்டின் குச்சி குளிர்ந்திருக்கும்போது சும்மா கிடந்தது. 1000 டிகிரியில் கால்சியம் கலந்த சிர்கோனியாவின் கடத்துதிறனை 500 டிகிரியில் உள்ளதோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வித்தியாசம். காலியிடங்களின் எண்ணிக்கை இரண்டு சூட்டிலும் ஒன்றேதான். அதைத் தீர்மானிப்பது கால்சியம். மாறியது தாவும் வேகம் மட்டுமே.

நகர்வது ஆக்சிஜன்தான், எலக்ட்ரான் அல்ல என்று எப்படி உறுதியாகச் சொல்வது? 1959இல் அமெரிக்காவில் கிங்கெரியும் அவருடைய சகாக்களும் நாம் மேலே கணக்குப் போட்ட அதே Zr0.85Ca0.15O1.85 கலவையை எடுத்தார்கள். கனமான ஆக்சிஜன்-18 ஐசோடோப்பைக் கொண்டு ஆக்சிஜன் படிகத்துக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளந்தார்கள். அந்த வேகத்தைக் கொண்டு மட்டும் மின்கடத்தலைக் கணக்கிட்டபோது, நேரடியாக அளந்த மதிப்போடு பொருந்தியது. வேறு யாரும் சுமக்க மிச்சம் இல்லை. சுற்றியுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை வெகுவாக மாற்றினாலும் கடத்துதிறன் மாறாமல் நிற்பதும் இதையே காட்டுகிறது. எலக்ட்ரான்கள் கடத்தியிருந்தால் அது மாறியிருக்கும்.

ஆக்சிஜன் மட்டும் கடக்கும், எலக்ட்ரான் கடக்காத ஒரு சுவர் கிடைத்தால் அதை வைத்து ஆக்சிஜனை அளக்கலாம். சுவரின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் புகை. இரு பக்கமும் நுண்துளையுள்ள பிளாட்டினப் பூச்சு. ஆக்சிஜன் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனிகள் போகத் துடிக்கும். அதனால் இரண்டு பூச்சுகளுக்கும் இடையே மின்னழுத்தம் எழும். அதற்கான சமன்பாடும் நெர்ன்ஸ்டின் பெயரிலேயே இருக்கிறது. 700 டிகிரியில், இரு பக்க ஆக்சிஜன் அழுத்தம் பத்து மடங்கு வேறுபட்டால் சுமார் 48 மில்லிவோல்ட் வரும். 1976இல் வால்வோ 240 காரில் பாஷ் நிறுவனம் பொருத்திய லாம்டா சென்சார் இந்தக் கொள்கையில் ஆனது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு இரு சக்கர வண்டிகளிலும் ஆக்சிஜன் சென்சார் பரவலாகிவிட்டது. சைலன்சர் குழாயில் திருகிய, வயர் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பகுதி அதுதான்.

எரிபொருள் தேவைக்கு மேல் போனால் புகையில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாமல் போய், சென்சார் 0.9 வோல்ட் அளவு காட்டும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு விழும். நல்ல சென்சாரில் இந்த அளவு மேலும் கீழுமாக விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். நடுவில் எங்காவது அசையாமல் நின்றால் மெக்கானிக் சந்தேகப்படுவார். பழுதானது பெரும்பாலும் படிகமாக இருக்காது. ஈயமோ, சிலிக்கோன் பசையிலிருந்து வரும் ஆவியோ பிளாட்டினப் பூச்சை அடைத்திருக்கும். அல்லது உள்ளே இருக்கும் ஹீட்டர் போயிருக்கும். சுமார் 300 டிகிரி ஏறாமல் காலியிடங்கள் நகராது என்பதால் ஹீட்டர் போனால், எஞ்சின் சூடாகும்வரை சென்சார் பேசாது.

காலியிடம் கூடினால் கடத்தலும் கூடும் என்றால், கால்சியத்தை இன்னும் கொட்டினால் என்ன? இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கால்சியம் சுமார் 12 முதல் 15 சதவீதம்வரை கடத்துதிறன் ஏறுகிறது. அதற்கு மேல் காலியிடங்கள் கூடிக்கொண்டே போக, கடத்துதிறன் இறங்குகிறது. இட்ரியாவில் உச்சம் சுமார் 8 சதவீதத்திலேயே வந்துவிடுகிறது. ஆக்சிஜன் போன இடம் தன் சுற்றுப்புறத்தை நோக்க நேர்மின்சுமை கொண்டதுபோல நடந்துகொள்ளும். சிர்கோனியத்தின் இடத்தில் இருக்கும் கால்சியம் எதிர்மின்சுமை கொண்டதுபோல. இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். கலவை அடர்த்தியானால் காலியிடங்கள் கலப்பு அயனிகளின் அருகிலும் ஒன்றுக்கொன்று அருகிலும் ஒழுங்காக அடுங்கிச் சிக்கிக்கொள்கின்றன. தராசில் அவை எல்லாம் இருப்பதாகவே தெரியும். மின்னோட்டத்தில் பாதிக்கு மேல் வேலைக்கு வராது. அடர்த்தி எண்ணிக்கையைச் சொல்கிறது, கடத்துதிறன் எத்தனை கட்டற்று இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. இரண்டையும் அளக்காமல் உள்நிலை புரியாது.

சிக்காமல் இருக்க என்ன வழி? கலக்கும் அயனியின் பருமன் சிர்கோனியத்தின் பருமனுக்கு நெருங்கியிருந்தால் படிகத்தில் இழுபறி குறையும், காலியிடமும் அவ்வளவாகச் சிக்காது. எட்டு ஆக்சிஜன் சூழ்ந்த நிலையில் சிர்கோனியத்தின் ஆரம் 0.84 ஆங்ஸ்ட்ராம், கால்சியத்துக்கு 1.12, இட்ரியத்துக்கு 1.02, ஸ்காண்டியத்துக்கு 0.87. எதிர்பார்த்தபடியே ஸ்காண்டியா கலந்த சிர்கோனியாதான் இந்தக் குடும்பத்தில் மிக நன்றாகக் கடத்துகிறது. ஆனால் ஸ்காண்டியம் மிக விலை உயர்ந்தது. அதோடு, நிறையக் கலந்தால் ஆறும்போது வேறு படிக வடிவத்துக்கு மாறி, கடத்துதிறன் சட்டென்று விழுந்துவிடுகிறது. அதனால் திட ஆக்சைடு எரிபொருள் கலங்களிலும் கார் சென்சார்களிலும் இன்றுவரை பெரும்பாலும் இட்ரியா கலந்த சிர்கோனியாதான் பயன்படுகிறது.